படத்தில் இருப்பதைச் சொல்கிறேன், பெயரைச் சொல்ல மாட்டேன்

கேள்வி: வணக்கம் மேடம். தாம்பரம் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட் சங்கத்தின் செயலாளர் நான். ஸ்டில்ட் மேல் மூன்று மாடி, கிழக்குப் பார்த்த கேட். ஜூன் 18 அன்று சாயந்திரம் 4.58-க்கு, சரியாக ஸ்கூல் வேன் வரும் நேரத்தில், முன்பின் தெரியாத ஒருவர் கேட்டுக்கு வெளியே பத்து நிமிடம் நின்று உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது சிசிடிவியில் பதிவாகியிருக்கிறது. பார்த்தால் வடநாட்டுக்காரர் மாதிரி இருக்கிறார். வாட்ச்மேன் அந்த நேரம் பார்த்து சாப்பிடப் போய்விட்டார். மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். முகத்தைப் போட்டால் பெயர், ஊர் எல்லாம் சொல்லும் சாஃப்ட்வேர் உங்களைப் போன்றவர்களிடம் இருக்குமாமே? இவர் யார் என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள். பிள்ளை பிடிக்கிற ஆளாக இருந்தால் ஏரியா வாட்ஸ்அப் குழுக்களில் போட்டோவோடு போட்டுவிடலாம் என்று உறுப்பினர்கள் சொல்கிறார்கள்.

பதில்: வணக்கம் சார். பெயரை நான் சொல்லப்போவதில்லை. தேடியும் பார்க்கவில்லை. அதற்கான காரணங்களுக்குப் பிறகு வருகிறேன். கேமராப் பதிவுகளைப் படித்துச் சொல்வதுதான் என் வேலை என்பதால், படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு உடனே உபயோகப்படப் போவதும் அதுதான்.

நீங்கள் அனுப்பிய மூன்றும் மானிட்டர் திரையை போனில் எடுத்த படங்கள். திரையில் ஓடும் அலை அலையான கோடுகள் அவர் சட்டை மேலும் விழுந்திருக்கின்றன. அதனால் சட்டை கோடு போட்டதா, கட்டம் போட்டதா, வெறும் துணியா என்று சொல்ல முடியாது. முழுக்கை, வெளிர் நிறம், அவ்வளவுதான். தலையில் முன்பக்கம் விளிம்பு வைத்த தொப்பி. அதன் நிழல் மூக்கு வரை இறங்கியிருப்பதால் கண்கள் தெரியவே இல்லை. இடது தோளில் ஒற்றைப் பட்டையில் தொங்கும் பை இடுப்புக்குக் கீழே வரை வருகிறது. பட்டை தோளில் அழுந்தி, உடம்பு கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதனால் பையில் கனம் இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். பையின் வாயில் கறுப்பாக, வளையமாகச் சுற்றிய ஏதோ ஒன்று எட்டிப் பார்க்கிறது. கழுத்திலிருந்து மார்புக்கு இறங்கும் ஒரு பட்டையும் அதன் முனையில் வெள்ளையாக ஒரு செவ்வகமும் உண்டு. அடையாள அட்டை மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அதில் ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை.

முதல் படத்தில் நின்றுகொண்டிருக்கிறார். இரண்டாவதில் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக் குனிந்து பார்க்கிறார். மூன்றாவதில் முகவாய் நன்றாக மேலே தூக்கியிருக்கிறது, வலது கை நெற்றிக்குப் பக்கத்தில். 'உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று படங்களில் ஒன்றில்கூட அது இல்லை. கண் தெரியாத படத்தில் பார்வை எங்கே போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மட்டுமே சொல்லலாம். உங்கள் கேமரா கேட்டுக்கு மேலே பத்தடி உயரத்தில் இருப்பதாகத் தெரிகிறது. மூன்றாவது படத்தில் அவர் தலை அதற்கும் மேலே பார்த்துத் திரும்பியிருக்கிறது. மாடியையோ, மொட்டை மாடியையோ, பக்கத்துக் கம்பத்தையோ, அதில் போகும் ஒயரையோ பார்த்திருக்கலாம். ஸ்டில்ட்டில் விளையாடும் பிள்ளைகளைப் பார்க்க முகவாயைத் தூக்க வேண்டியதில்லை.

வயது முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே எதுவாகவும் இருக்கலாம். உயரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அகலமாகக் காட்டும் லென்ஸை மேலேயிருந்து கீழே பார்க்க வைத்தால் தலை பெரிதாகவும் கால்கள் குட்டையாகவும் விழும். நெட்டையானவரும் அதில் குள்ளமாகத் தெரிவார். அப்புறம் அந்த 'வடநாட்டுக்காரர் மாதிரி'. அது படத்தில் எங்கேயும் இல்லை சார். தொப்பி, முழுக்கைச் சட்டை, பை எல்லாம் இருக்கின்றன. ஊர் இல்லை.

இனி நேரத்துக்கு வருகிறேன். உங்கள் சந்தேகம் முழுவதும் அந்த 4.58-ஐப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. படத்தின் மேல் மூலையில் 16:58 என்றுதான் இருக்கிறது. ஆனால் தரையைப் பாருங்கள். கேட்டிலிருந்து சாலையின் பாதி வரை நிழல், அதற்கப்பால் வெயில். எதிர்வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் முழுக்கப் பளீரென்று வெயிலில் இருக்கிறது. நிழலின் ஓரம் நேர்கோடாகப் போய் ஓரிடத்தில் சதுரமாக முட்டிக்கொண்டு நிற்கிறது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியாக இருக்க வேண்டும். ஆக, அது உங்கள் கட்டடத்தின் நிழல்தான்.

கேட் கிழக்குப் பார்த்தது என்கிறீர்கள். கட்டடத்தின் நிழல் கேட்டைத் தாண்டிக் கிழக்கே விழுந்திருப்பதால் சூரியன் மேற்கே இறங்கிவிட்டது, அதாவது மதியம் தாண்டிவிட்டது. எவ்வளவு தாண்டியது என்பதை நிழலின் நீளம் சொல்லும். சென்னைப் பக்கம் ஜூன் நடுவில் மாலை 4.58-க்கு சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 21 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அப்போது எந்தப் பொருளின் நிழலும் அதன் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு நீளும். ஸ்டில்ட்டோடு மூன்று மாடி என்றால் நாற்பது அடி வைத்துக்கொள்ளலாம். நிழல் நூறு அடி போக வேண்டும். அது சாலையைத் தாண்டி, எதிர்வீட்டுச் சுவரில் ஏறி, அந்த வீட்டையே மூடியிருக்கும். எதிர்ச்சுவரில் ஒரு துளி வெயில்கூட இருக்க முடியாது.

உங்கள் படத்தில் நிழல் நடுச்சாலையில் நிற்கிறது. நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டரை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் சாலை முப்பது அடி இருக்கும். கேட்டுக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஒரு பத்தடி விட்டிருப்பீர்கள். அப்படியென்றால் நிழல் கிழக்கே இருபத்தைந்து அடி போயிருக்கிறது. நாற்பதடிக் கட்டடத்துக்கு அந்த நிழல் விழ சூரியன் 55 டிகிரி உயரத்தில் இருக்க வேண்டும். மணி இரண்டே காலிலிருந்து இரண்டே முக்காலுக்குள் வருகிறது. நீங்கள் கட்டட உயரத்தைச் சரியாக அளந்து சொன்னால் இதை இன்னும் நெருக்கிச் சொல்லலாம். ஆனால் எவ்வளவு நெருக்கினாலும் ஐந்து மணிக்குப் போகாது.

இரண்டரை மணி நேர வித்தியாசம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது, கேமராப் பதிவைச் சேமிக்கும் பெட்டியான டிவிஆரின் நேர மண்டலம். சீனாவில் தயாராகும் டிவிஆர்கள் பலவற்றில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே GMT+08:00 என்று, அதாவது பெய்ஜிங் நேரம் வைத்திருப்பார்கள். நம் நேரம் GMT+05:30. மாட்டிவிட்டுப் போகிறவர் அதை மாற்றாமல் விட்டு, பெட்டியை இணையத்தோடும் இணைத்துவிட்டால், கடிகாரம் தானாகவே பெய்ஜிங் நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவோ கட்டடங்களில் இதைப் பார்க்கிறேன். பதிவில் 16:58 என்றால் நம் மணி 2.28. நிழல் சொல்வதும் அதையேதான்.

இதை நீங்களே சரிபார்க்கலாம், ஒரு நிமிட வேலை. டிவிஆரின் நேரடிக் காட்சியைத் திறந்து, மூலையில் ஓடும் மணியையும் உங்கள் போன் மணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்னொன்று, உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மணிக்கு என்ன சாப்பாடு? அந்த மனிதர் மேல் வீணாகப் பழி போட்டிருந்தால் அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

மணி இரண்டரை என்றானதும் கதை எப்படி மாறுகிறது பாருங்கள். ஸ்கூல் வேன் வர இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஜூன் மாத வெயிலில், தோளில் பையோடு, கழுத்தில் அட்டை மாதிரி ஒன்றோடு ஒருவர் உங்கள் கட்டட நிழலில் நிற்கிறார். போனைப் பார்க்கிறார், அண்ணாந்து பார்க்கிறார். அவர் நல்லவர் என்று நான் சொல்லவில்லை, அதுவும் படத்தில் இல்லை. கேபிள் வேலைக்கு வந்தவர், கூரியர்க்காரர் என்று பெயரிடவும் மாட்டேன். அட்டையும் பையும் யாரும் மாட்டிக்கொள்ளலாம். பிள்ளைகள் வரும் நேரத்துக்குக் காத்திருந்தார் என்பதற்குப் படத்தில் ஆதாரம் இல்லை, நேரம் அதற்கு எதிராகவே இருக்கிறது. அந்த அளவுக்கு மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இப்போது பெயர் விஷயம்.

முதலில் படத்தின் தரம். கண்காணிப்புக் கேமராக்களுக்கு IEC 62676-4 என்று ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது. படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்பதை வைத்து, அந்தப் படம் எந்த வேலைக்கு உதவும் என்று அதன் 2014 பதிப்பு பிரித்தது. அதன்படி, ஏற்கெனவே பழகிய ஒருவரை 'ஆமாம், இவர்தான்' என்று சொல்ல மீட்டருக்கு 125 பிக்சல் வேண்டும். முன்பின் அறியாதவரைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காண 250 வேண்டும். உங்கள் படத்தில் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்கூட்டர் கிட்டத்தட்ட 1.8 மீட்டர் நீளம் இருக்கும், அது 200 பிக்சலில் அடங்கிவிடுகிறது. மீட்டருக்கு 110 பிக்சல்தான் வருகிறது. ஒரு முகம் பதினைந்து சென்டிமீட்டர் அகலம் என்றால் காதுக்குக் காது பதினாறு, பதினேழு புள்ளிகள். அதிலும் பாதி தொப்பி நிழலில். அவரைத் தினமும் பார்க்கும் மனைவிகூட நடையை வைத்துச் சொல்லலாமே ஒழிய, முகத்தை வைத்துச் சொல்வது கஷ்டம்.

'படத்தைத் தெளிவாக்கும் ஆப்பில் போட்டால்?' என்று அடுத்து யாராவது கேட்பார்கள். போடாதீர்கள். மங்கிய முகத்தைப் பளிச்சென்று ஆக்கும் செயலிகள் படத்தில் இல்லாத கண்ணையும் மூக்கையும் தாங்கள் பயின்ற ஆயிரக்கணக்கான முகங்களை வைத்து ஊகித்து வரைந்து வைக்கின்றன. 2020-இல் அப்படிப்பட்ட ஒரு நிரலுக்கு பராக் ஒபாமாவின் மங்கலாக்கிய படத்தைக் கொடுத்தபோது அது ஒரு வெள்ளைக்காரர் முகத்தைத் தெளிவாக வரைந்து கொடுத்தது. உலகமே அறிந்த முகத்துக்கே அந்தக் கதி. உங்கள் படத்தில் அதைச் செய்தால் இன்னொரு மனிதரின் முகம் கிடைக்கும், அந்த முகத்துக்குப் பொருத்தமான ஒருவர் தாம்பரத்தில் எங்கோ நடமாடிக்கொண்டிருப்பார்.

சரி, படம் நன்றாகவே இருந்திருந்தால்? அப்போதும் மாட்டேன். முகம் தேடும் கருவி 'இவர் யாரென்று எனக்குத் தெரியாது' என்று சொல்வது அபூர்வம். தன்னிடம் இருக்கும் படங்களில் எது நெருக்கமோ அதை முதலில் வைத்து ஒரு வரிசை கொடுக்கும். உண்மையான ஆள் அந்தக் குவியலிலேயே இல்லாவிட்டாலும் முதல் இடத்தில் யாரோ ஒருவர் வந்து உட்காருவார். பார்க்கிறவர் கண்ணுக்கு அவர் பொருத்தமாகவும் தெரிவார், கருவி தேடியதே பொருத்தமான முகத்தைத்தானே. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் நடந்தது இதுதான். 2018-இல் ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருடு போயின. கேமராவில் பதிந்த மங்கலான படத்தைக் காவல்துறை கருவியில் போட்டது. யாரோ ஒருவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படம் வந்தது. கடையின் பாதுகாப்பு ஒப்பந்தக்காரர் ஒருவர், திருட்டு நடந்தபோது கடையில் இல்லாதவர், கேமராப் பதிவை மட்டும் பார்த்தவர், படங்களின் வரிசையிலிருந்து அதையே எடுத்துக் காட்டினார். திருட்டுக்குச் சம்பந்தமே இல்லாத அந்த மனிதரை 2020 ஜனவரியில் வீட்டு வாசலில் மனைவி, மகள்கள் கண்ணெதிரே கைவிலங்கு மாட்டிக் கூட்டிப்போய் சுமார் முப்பது மணி நேரம் அடைத்து வைத்தார்கள்.

மனிதக் கண்ணும் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிட மோசம். தெரிந்தவரை எந்தக் கோலத்திலும் கண்டுபிடித்துவிடுவோம், அதனால் எல்லா முகத்தையும் அப்படிக் கண்டுபிடிப்போம் என்று நம்பிக்கொள்கிறோம். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டு டச்சுப் பெண் பிரபலங்களின் படங்களை ஆளுக்கு இருபதாக நாற்பது எடுத்துக் கலந்து, அவர்களை அறியாத பிரிட்டிஷ்காரர்களிடம் கொடுத்து, ஓர் ஆளுக்கு ஒரு கட்டாகப் பிரிக்கச் சொன்னார்கள். சராசரியாக ஏழெட்டுக் கட்டுகள் வந்தன. இரண்டு பேரை ஏழெட்டுப் பேராகப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெண்களை அறிந்த நெதர்லாந்துக்காரர்களோ பெரும்பாலும் சரியாக இரண்டே கட்டாகப் பிரித்துவிட்டார்கள். விளக்கு, லென்ஸ், தலைமுடி, சிரிப்பு மாறினால் அறியாத முகம் வேறொருவர் ஆகிவிடுகிறது. வேறொருவர் முகமும் இதே காரணத்தால் அவர் ஆகிவிடலாம். உங்கள் குழுவில் ஒரு படத்தைப் போட்டதும் 'இவனை நான் மார்க்கெட்டில் பார்த்தேன்' என்று மூன்று பேர் எழுதுவார்கள். மூவரும் பொய் சொல்ல மாட்டார்கள். மூவரும் மூன்று வேறு ஆட்களைப் பார்த்திருப்பார்கள்.

பெயர் சரியாகவே கிடைத்தாலும் அவர் ஏன் அங்கே நின்றார் என்பதற்குப் பெயர் பதில் சொல்லாது. தெருவில் நின்ற ஒருவரை அவர் வீடு வரை துரத்துவதற்கு மட்டுமே அது உதவும். 2018 மே மாதம் நம் வட மாவட்டங்களில் 'பிள்ளை பிடிக்க வடநாட்டு ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது உங்களுக்கு நினைவிருக்கும். திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்குப் பக்கத்தில் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் காரை நிறுத்தி, பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்த சென்னைப் பெரியம்மா ஒருவரை அடித்தே கொன்றார்கள். கூட வந்தவர்களும் படுகாயம் அடைந்தார்கள். பழவேற்காட்டில் ஆதரவில்லாமல் திரிந்த ஒருவரைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். இந்த இரண்டு பேரும் பிள்ளை பிடிக்க வந்தவர்கள் இல்லை. முகமே தெரியாத வதந்திக்கு இவ்வளவு. நீங்கள் முகத்தையும் பெயரையும் ஊரையும் சேர்த்துக் கொடுக்கப் பார்க்கிறீர்கள். இதில் சட்டமும் இருக்கிறது. 'பிள்ளை பிடிக்கிறவன்' என்று ஒருவர் படத்தைப் பரப்புவது பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆவது பிரிவின்படி அவதூறு ஆகலாம், இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அனுப்பியவர் என்று முதலில் நிற்பது செயலாளரின் நம்பர்தான்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உண்மையான பதிவை இன்றைக்கே எடுத்து வையுங்கள். ஹார்ட் டிஸ்க் நிரம்பினால் டிவிஆர் பழையதன் மேல் புதியதைப் பதிந்துவிடும். உங்கள் டிஸ்க் எத்தனை நாள் தாங்கும் என்பது கேமராக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது, பல இடங்களில் இரண்டு வாரம்கூடத் தாங்காது. டிவிஆரில் ஒரு பென் டிரைவைச் செருகி, Backup அல்லது Export என்று இருக்கும் இடத்தில் அவர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னாலிருந்து, போய்ப் பத்து நிமிடம் பின்னால் வரை எடுங்கள். நேரத்தைத் தேடும்போது பெட்டியின் மணிப்படி 16:58-ஐத்தான் தேட வேண்டும், 2.28-ஐ அல்ல. அந்த முழு ஓட்டத்தில் அவர் யாரிடமாவது பேசுகிறாரா, எந்தப் பக்கம் போகிறார், வேறு கேட்டிலும் நின்றாரா என்பது தெரியும். மூன்று படங்களைவிட அது பல மடங்கு பேசும். வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பாதீர்கள், அது வீடியோவைச் சுருக்கிவிடும். IMG அல்லது VID என்று தொடங்கி, WA என்ற எழுத்துகளோடு ஓர் எண்ணில் முடியும் அதன் கோப்புப் பெயரில் இருக்கும் தேதியும் பதிவான தேதி இல்லை, வாட்ஸ்அப் வழியாகப் போன தேதி.

குழுவில் போடத்தான் வேண்டும் என்றால் முகம் இல்லாமல், கேள்வியாகப் போடுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'ஜூன் 18 மதியம் சுமார் 2.20-லிருந்து 2.40-க்குள், வெளிர் நிற முழுக்கைச் சட்டை, தொப்பி, தோளில் பெரிய பை, கழுத்தில் அட்டை போன்ற ஒன்றோடு ஒருவர் நம் கேட் வாசலில் சுமார் பத்து நிமிடம் காத்திருந்தார். அன்று யாராவது ரிப்பேர், கனெக்‌ஷன், டெலிவரி எதற்காவது ஆள் வரச் சொல்லியிருந்தீர்களா? அவர் போன் செய்து எடுக்காமல் போனதா? தெரிந்தவர்கள் செயலாளரிடம் தனியாகச் சொல்லவும்.'

இதை முதலில் உங்கள் கட்டடக் குழுவில் மட்டும் போடுங்கள், ஏரியா குழுவில் வேண்டாம். 'ஐயோ, என் வீட்டுக்கு வந்தவர், நான் தூங்கிவிட்டேன்' என்று யாராவது எழுதினால் விஷயம் அங்கேயே முடிந்தது. இதில் 'சந்தேக நபர்' என்ற சொல் இல்லை, ஊரும் நிறமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தொப்பியையும் பையையும் சொல்லும்போதுகூட அவை நாளைக்கே மாறிவிடும் என்பது மனதில் இருக்க வேண்டும். நாளை தொப்பி போட்டு வரும் வேறு ஒருவரை வாட்ச்மேன் நிறுத்தி விசாரிக்கலாம், கையை வைக்கக் கூடாது.

யாரும் பதில் சொல்லாமல், அவர் மறுபடியும் வந்து நின்றால், அல்லது முழுப் பதிவில் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுப்பது, பூட்டைத் தொட்டுப் பார்ப்பது போன்ற ஏதாவது இருந்தால், உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். அந்த நிமிடமே நடக்கிறதென்றால் 112. அடையாளம் காண்பது அவர்கள் வேலை. தவறானால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பும் அவர்களுக்கு இருக்கிறது, உங்கள் குழுவுக்கோ எனக்கோ அது இல்லை. பதிவை ஆதாரமாகக் கேட்டால் பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்காகவும்தான் பென் டிரைவில் எடுத்ததை வெட்டாமல், பெயர் மாற்றாமல், அப்படியே வையுங்கள் என்கிறேன்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இதைப் படித்தவுடன் டிவிஆர் கடிகாரத்தைத் திருத்த ஓடாதீர்கள். முதலில் போன் மணியும் டிவிஆர் மணியும் ஒரே படத்தில் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து, வித்தியாசத்தைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிவுகளின் நேரத்தைக் கணக்கிட அந்தக் குறிப்பு ஒன்றுதான் ஆதாரம், திருத்திய பிறகு அதை மீட்க முடியாது. பென் டிரைவில் எடுத்து முடித்த பிறகு Time Zone என்ற இடத்தில் GMT+05:30-க்கு மாற்றுங்கள். வித்தியாசம் இரண்டரை மணி நேரமாக இல்லாமல் வேறு ஏதாவது வந்தால், கட்டடத்தின் உயரத்தையும் கேட்டிலிருந்து அதன் தூரத்தையும் அளந்து எழுதுங்கள். அந்த நிழலை மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.